பாலிசி ஸ்டேட்டஸ் தாளில் இருக்கும் தொகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்.ஐ.சி. பாலிசியின் ஸ்டேட்டஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எனக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்பவர்களுக்குப் பல வருடங்களாகப் பதில் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே பாலிசியை வைத்துப் பேசுகிறேன். அது 814 எண் கொண்ட நியூ எண்டோமென்ட் திட்டம். காப்புத் தொகை 5 லட்சம், காலம் 20 வருடம், தொடங்கியது ஜூன் 2015. வருட பிரீமியம் 25,000 ரூபாய். பத்து பிரீமியம் கட்டியாகிவிட்டது, பதினோராவது ஜூன் 2025-இல் வர வேண்டும். பிரீமியம், போனஸ் விகிதம், பாலிசியை இடையிலேயே முடித்துப் பணம் வாங்கும் சரண்டருக்கான சதவீதம், வட்டி ஆகிய நான்கும் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் திட்டம், வயது, காலத்தைப் பொறுத்து அவை மாறும்.

தாள் முழுக்க நம்பரா இருக்கு. முதல்ல எதைப் பார்க்கணும்?

FUP என்று போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். இன்னும் கட்டப்படாத முதல் பிரீமியத்தின் தேதி அது. நம் எடுத்துக்காட்டில் அது ஜூன் 2025. இன்றைய தேதி அதற்கு முன்னால் இருந்தால் பாக்கி இல்லை என்று அர்த்தம். தாண்டிவிட்டால் பாக்கி விழுந்துவிட்டது. வருடம், அரையாண்டு, காலாண்டுக்கு ஒருமுறை கட்டுபவர்களுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. மாதா மாதம் கட்டுபவர்களுக்கு 15 நாள்தான்.

பெரும்பாலானோர் போனஸ் தொகைக்குத்தான் முதலில் போகிறார்கள். ஆனால் போனஸ் ஏறுமா, சரண்டர் எவ்வளவு, கடன் எவ்வளவு கிடைக்கும், குடும்பத்துக்கு முழுக் காப்பு இருக்கிறதா என்ற எல்லாமே இந்த ஒரு தேதியைப் பிடித்துத்தான் நிற்கின்றன. அதற்கடுத்து DOC என்ற தொடக்கத் தேதியையும், திட்ட எண்ணையும் காலத்தையும், உதாரணமாக 814-20 என்றிருப்பதை, பாலிசிப் பத்திரமான பாண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் கட்டிட்டேன், ரசீதும் இருக்கு. ஆனா FUP நகரவே இல்லையே?

ரசீதில் உள்ள ஒன்பது இலக்கப் பாலிசி எண்ணை, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துச் சரிபாருங்கள். வீட்டில் கணவன், மனைவி, பிள்ளை என்று நாலு பாலிசி இருக்கும்போது ஒருவருடையது இன்னொருவர் கணக்கில் போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது. அப்படியானால் இன்னொரு பாலிசியின் FUP ஒரு தவணை முன்னால் போயிருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ரசீது நகலோடு கிளையில் எழுதிக் கொடுத்தால் சரியான பாலிசிக்கு மாற்றிவிடுவார்கள்.

உங்களிடம் இருப்பது முறையான ரசீதுதானா, யாரோ டைரியில் எழுதிக் கொடுத்த தாளா என்பதையும் பாருங்கள். ஏஜெண்டிடம் ரொக்கமாகக் கொடுத்த பணம் கிளைக்குப் போய்ச் சேரும் வரை பாலிசியில் ஏறாது. இடையில் அவகாசக் காலம் முடிந்துவிட்டால் பாதிப்பு உங்களுக்குத்தான். ஆகவே யார் மூலம் கட்டினாலும் ஒரு வாரம் கழித்து FUP நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நான் கட்டினது அதிகம். தாள்ல கட்டின பிரீமியம்னு குறைச்சலா காட்டுதே, மீதி எங்கே போச்சு?

மீதி பெரும்பாலும் வரியாகத்தான் போயிருக்கும். 2017 ஜூலையிலிருந்து எண்டோமென்ட் வகைப் பாலிசிகளுக்கு முதல் வருடம் 4.5 சதவீதமும் அடுத்தடுத்த வருடங்களில் 2.25 சதவீதமும் ஜி.எஸ்.டி. இருந்தது. 25,000 பிரீமியத்துக்கு 562 ரூபாய் 50 காசு கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். அது அரசுக்குப் போனது, பாலிசியில் நிற்காது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு இந்த வரி நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் கட்டிய வரி திரும்பி வராது.

தாமதமாகக் கட்டியதற்கான வட்டியும் இதே மாதிரிதான். விபத்துக் காப்பு போன்ற இணைப்புகளுக்கான தொகை பிரீமியத்தோடு சேர்ந்து வந்தாலும், சரண்டர் கணக்குப் போடும்போது கழிக்கப்படும். எனவே வங்கிப் பாஸ்புத்தகத்தைக் கூட்டி வரும் தொகையும் இந்தத் தாளில் வரும் தொகையும் ஒன்றாக இருக்காது.

போனஸ்னு 2 லட்சம் காட்டுது. அதை மட்டும் இப்போ எடுத்துக்கலாமா?

முழுத் தொகையாக எடுக்க முடியாது. போனஸ் உங்களுடையது என்று உறுதியாகிவிட்டது, ஆனால் கைக்கு வருவது பாலிசி முதிரும்போது அல்லது காப்பு பெற்றவர் இறக்கும்போது. தாளில் வெஸ்டட் போனஸ் என்று இருப்பதற்கு இதுதான் பொருள். ஒருமுறை ஏறியதை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளாது, நீங்களும் காலத்துக்கு முன்னால் முழுதாக எடுக்க முடியாது. இடையிலேயே வேண்டும் என்றால் அதற்கு இன்றைய மதிப்பு மட்டும் கிடைக்கும். அது மிகவும் குறைவு.

போனஸ் கணக்கு, கட்டிய பணத்தின் மேல் போடப்படுவதில்லை. காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வருடமும் அறிவிக்கிறார்கள். ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 5 லட்சத்துக்கு 500 ஆயிரங்கள், ஆக வருடத்துக்கு 20,000 ரூபாய். பத்து வருடத்துக்கு 2 லட்சம். போன வருடப் போனஸுக்கு இந்த வருடம் போனஸ் கிடையாது. குட்டி போடாத தொகை என்பதால்தான், பார்க்கப் பெரிதாக இருந்தாலும் கூட்டு வட்டிபோல் வளர்வதில்லை. அடுத்த வருட விகிதம் இதே அளவில் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. நீண்ட காலம் ஓடிய பாலிசிகளுக்கு முடிவில் இறுதிக் கூடுதல் போனஸ் ஒன்று கிடைக்கலாம். அது இப்போதைய தாளில் வராது.

போன வருஷம் பார்த்தப்பவும் இதே போனஸ் தொகைதான். ஏன் ஏறல?

முதலில் FUP-ஐப் பாருங்கள். அது நடப்பில் இருந்தால் கவலை வேண்டாம். எல்.ஐ.சி. மார்ச் 31 நிலவரப்படி மதிப்பீடு செய்து அதன் பிறகுதான் விகிதத்தை அறிவிக்கிறது. அறிவித்ததும் எல்லாப் பாலிசியிலும் ஒரே நாளில் ஏறிவிடாது. அதனால் தாளில் ஒரு வருடப் போனஸ் பின்தங்கி இருப்பது இயல்பு. அந்த இடைவெளியில் பாலிசி முடிவுக்கு வந்தால் இடைக்காலப் போனஸ் என்று கணக்கிட்டுச் சேர்ப்பார்கள்.

FUP தாண்டிப் பழையதாகி இருந்தால் விஷயம் வேறு. பாலிசி நின்றுவிட்டது, அந்தத் தேதிக்குப் பிறகு போனஸ் ஏறவில்லை என்று அர்த்தம். பாக்கியை வட்டியோடு கட்டிப் புதுப்பித்தால் விடுபட்ட வருடங்களின் போனஸும் சேர்ந்துவிடும். எவ்வளவு காலத்துக்குள் புதுப்பிக்கலாம் என்பது பாண்டில் இருக்கும். 2020-க்குப் பிறகு வந்த திட்டங்களில் அது ஐந்து வருடம், அதற்கு முந்தைய பலவற்றில் இரண்டு வருடம்.

கட்டினது ரெண்டரை லட்சம், போனஸ் 2 லட்சம். சரண்டர் பண்ணா 2,16,000தான்னு சொல்றாங்க. கட்டின பணம்கூட வரலையே, இது நியாயமா?

கோபம் புரிகிறது. இரண்டரையும் இரண்டும் நாலரை என்று கூட்டிப் பார்த்துவிட்டு வருபவர்தான் மிகவும் உடைந்துபோகிறார். இந்தத் தொகை எப்படி வருகிறது என்று பார்ப்போம். இரண்டு வழியில் கணக்குப் போட்டு, எது அதிகமோ அதைத் தருகிறார்கள்.

முதல் வழி, உத்தரவாத சரண்டர் மதிப்பு. கட்டிய பிரீமியத்தில் ஒரு பங்கு, போனஸில் ஒரு பங்கு. பிரீமியத்தில் 55 சதவீதம் என்றால் 1,37,500. போனஸில் 18 சதவீதம் என்றால் 36,000. ஆக 1,73,500. இந்தச் சதவீதங்களின் அட்டவணை பாலிசி பாண்டிலேயே அச்சாகி இருக்கும். வருடம் ஆக ஆக அவை உயரும்.

இரண்டாவது வழி, சிறப்பு சரண்டர் மதிப்பு. இதில் முதலில் பெய்ட்-அப் மதிப்பை, அதாவது இத்தோடு கட்டுவதை நிறுத்தினால் பாலிசியில் நிற்கும் தொகையைக் கண்டுபிடிக்கிறார்கள். 20 பிரீமியத்தில் 10 கட்டியதால் காப்புத் தொகையில் பாதி, அதாவது 2,50,000. அதோடு போனஸ் 2 லட்சம், மொத்தம் 4,50,000. இது 2035-இல் தர வேண்டிய பணம். அதைப் பத்து வருடம் முன்னாலேயே கேட்பதால் ஒரு காரணியால் பெருக்கிக் குறைக்கிறார்கள். 48 சதவீதம் என்றால் 2,16,000. முதல் வழியைவிட இது அதிகம் என்பதால் இதுவே கிடைக்கும். கட்டிய பணத்தில் ஒரு பகுதி இத்தனை வருடம் உயிர்க்காப்புக்கும் கமிஷன் முதலிய செலவுகளுக்கும் போய்விட்டது. மீதியில் பெரும்பங்கு 2035-ஐக் குறிவைத்து நிற்கிறது. நாலரை லட்சம் என்ற தொகை பொய்யில்லை, அது பத்து வருடம் கழித்து வரும் தொகை.

இணையத்துல ஒரு தொகை, ஏஜெண்ட் ஒரு தொகை, கிளையில ஒரு தொகை சொல்றாங்க. எதை நம்புறது?

பாலிசி எந்தக் கிளையின் பொறுப்பில் இருக்கிறதோ அந்தக் கிளை எழுத்தில் தரும் சரண்டர் கோட்டேஷனை நம்புங்கள். பாண்டில் அச்சாகி இருப்பது உத்தரவாத மதிப்பின் அட்டவணை மட்டுமே. சிறப்பு மதிப்பின் காரணி நிறுவனத்திடம் இருப்பது, மாறக்கூடியது. வெளி இணையதளங்களில் உள்ள கணிப்பான்கள் அதைத் தோராயமாகப் போட்டுக் காட்டுகின்றன.

கோட்டேஷன் வாங்கும்போது அது எந்தத் தேதிக்கானது, எந்த FUP-ஐ வைத்துப் போட்டது, கடனும் வட்டியும் கழித்த பிறகா முன்பா என்று மூன்றையும் கேளுங்கள். இரண்டு பேர் சொன்ன தொகை வேறுபடும்போது காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இனிமே கட்ட முடியாது. சரண்டர் பண்ணிடவா, இல்ல அப்படியே விட்டுடவா?

அவசரமாகப் பணம் வேண்டாம் என்றால், விட்டுவிடுவதைச் சரண்டருக்கு முன்னால் யோசியுங்கள். போதுமான வருடங்கள் கட்டிய பாலிசி, நிறுத்தினாலும் செத்துப்போகாது. குறைந்த தொகையோடு பெய்ட்-அப் பாலிசியாக நிற்கும். 814 திட்டத்தில் அதற்கு மூன்று வருடப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இனி ஒரு ரூபாயும் கட்டாமல் 2035-இல் 4,50,000 வரும். இடையில் இறந்தால் குடும்பத்துக்கும் அதே 4,50,000. புதுப் போனஸ் மட்டும் ஏறாது.

இப்போது கையில் வரும் 2,16,000, பத்து வருடத்தில் 4,50,000 ஆக வேண்டும் என்றால் வருடத்துக்கு சுமார் 7.6 சதவீதம் வளர வேண்டும். சரண்டர் செய்த பணத்தைப் போட நீங்கள் வைத்திருக்கும் இடம் அதைவிடக் கூடுதலாக, அதே அளவு பாதுகாப்போடு தருமா என்று பாருங்கள். "இதுவரைக்கும் நஷ்டம்" என்று கட்டியதை நினைத்து முடிவெடுப்பதைவிட, இன்றைய தொகையையும் முதிர்வில் வரும் தொகையையும் ஒப்பிடுவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பாலிசிக்கு இந்த ஒப்பீட்டைப் போட மூன்று விவரம் போதும்: இன்றைய சரண்டர் தொகை, பெய்ட்-அப் மதிப்பு, மீதி வருடங்கள். சில பாலிசிகளில் விடை சரண்டர் பக்கமே வரும்.

தொடர்ந்து கட்ட ஒருவேளை வழி இருந்தால் அதையும் பாருங்கள். இன்னும் பத்து தவணை, 2,50,000 கட்டினால், போனஸ் இதே விகிதத்தில் நீடிக்கும் பட்சத்தில் முதிர்வில் 9 லட்சம். நிறுத்தினால் கிடைப்பதைவிட 4,50,000 அதிகம். அதுவரை குடும்பத்துக்கு முழுக் காப்பும் இருக்கும்.

ஒரே ஒரு வருஷம்தான் கட்டினேன். ஏதாவது வருமா?

பாலிசி எப்போது வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு புதிய விதிகளின்படி விற்கப்பட்ட பாலிசி என்றால், முதல் வருடப் பிரீமியத்தை முழுமையாகக் கட்டி, ஒரு வருடமும் முடிந்திருந்தால் சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு. அதற்கு முந்தைய பாலிசிகளுக்கு அவற்றின் பாண்டில் உள்ள நிபந்தனைதான் செல்லும். 2020-க்குப் பிறகு வந்தவற்றில் இரண்டு வருடம், அதற்கு முன் பெரும்பாலும் மூன்று வருடம் கட்டியிருக்க வேண்டும். அது நிறைவேறவில்லை என்றால் தாளில் சரண்டர் மதிப்பு பூஜ்யம் என்றே இருக்கும்.

எவ்வளவு லோன் கிடைக்கும்? 5 லட்சம் பாலிசிக்கு நாலு லட்சமாவது தருவாங்களா?

தர மாட்டார்கள். கடனுக்கு அடிப்படை சரண்டர் மதிப்பு. காப்புத் தொகையை அதில் பார்ப்பதில்லை. நடப்பில் உள்ள பாலிசிக்குப் பொதுவாகச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரையும், பெய்ட்-அப் ஆகிவிட்டதற்கு 80 சதவீதம் வரையும் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 2,16,000-இல் 90 சதவீதம், அதாவது 1,94,400. பாண்டை எல்.ஐ.சி. பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் வரும்.

மாதத் தவணை என்ற கட்டாயம் கிடையாது. வட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டி வந்தால் போதும், அசலை முடியும்போது அடைக்கலாம், அல்லது முதிர்வில் கழித்துக்கொள்வார்கள். இந்தச் சலுகைதான் பலரை மாட்டிவிடுகிறது.

லோன் 1,50,000ன்னு தாள்ல இருக்கு. அஞ்சு வருஷமா வட்டி கட்டல. இப்போ அவ்வளவு கட்டினா முடிஞ்சுடுமா?

முடியாது. கடன் என்ற வரியில் தெரிவது வாங்கிய அசல். வட்டி பாக்கியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆறு மாத வட்டியைக் கட்டாவிட்டால் அது அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி போடப்படும். வருடத்துக்கு 9.5 சதவீதம் என்றால் ஆறு மாத வட்டி 7,125 ரூபாய். ஐந்து வருடம் கட்டாமல் விட்டால் மொத்த பாக்கி சுமார் 2,38,600 ஆகிவிடும். கிட்டத்தட்ட 89,000 வட்டி மட்டும்.

பிரீமியம் கட்டப் போகும்போது, "லோன் வட்டியும் எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பிரீமியம் ரசீதில் கடன் வட்டி சேர்ந்து வராது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. பிரீமியத்தைத் தவறாமல் கட்டியதால் கடனும் குறைந்திருக்கும் என்று நினைத்து வருபவர்கள் நிறைய.

லோனும் இருக்கு, பிரீமியமும் நிறுத்திட்டேன். பாலிசியையே முடிச்சிடுவோம்னு நோட்டீஸ் வந்திருக்கு. முடிச்சிட முடியுமா?

முடியும். பாலிசி நடப்பில் இல்லாதபோது, கடனும் வட்டியும் சேர்ந்து சரண்டர் மதிப்பைத் தாண்டிவிட்டால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு பாலிசியை முடித்து, சரண்டர் பணத்தைக் கடனுக்கு எடுத்துக்கொள்வார்கள். மீதி ஏதாவது இருந்தால் தருவார்கள், பெரும்பாலும் இருக்காது. அதோடு உயிர்க்காப்பும் போய்விடும்.

எந்த அளவு கடன் ஆபத்து என்பதை நம் எடுத்துக்காட்டிலேயே பார்க்கலாம். பெய்ட்-அப் தொகை 4,50,000-இல் நின்றுவிட்டது, அது இனி வளராது. 1,50,000 கடன், வட்டியே கட்டாமல் பத்து வருடம் ஓடினால் சுமார் 3,79,500. முதிர்வில் 70,000 மிஞ்சும். முழு அளவான 1,94,400-ஐயும் எடுத்துவிட்டுப் பிரீமியத்தையும் நிறுத்தியிருந்தால் பத்தாவது வருடம் பாக்கி சுமார் 4,91,800. முதிர்வுத் தொகையையே தாண்டிவிடுகிறது. அதாவது முதிர்வுக்கு முன்பே ஒருநாள் அந்த நோட்டீஸ் வரும். முழுக் கடன், நின்ற பிரீமியம், கட்டாத வட்டி மூன்றும் ஒன்றாகச் சேர விடாதீர்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால் முழுக் கடனையும் அடைக்க முடியாவிட்டாலும், வட்டி பாக்கியில் எவ்வளவு கட்டினால் பாலிசி தப்பிக்கும் என்று கிளையில் கேளுங்கள். பாக்கி சரண்டர் மதிப்புக்குக் கீழே இறங்கினால் போதும்.

பாண்டை எல்.ஐ.சி. பேருக்கு எழுதிக் கொடுத்துட்டேன். என் மனைவியோட நாமினேஷன் போயிடுச்சா?

போகாது. பாலிசியை வேறு ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் நாமினேஷன் ரத்தாகும். ஆனால் கடனுக்காகக் காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதிக் கொடுப்பதற்கு இன்சூரன்ஸ் சட்டத்தின் 39-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. இறப்பு நேர்ந்தால் கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மீதி நாமினிக்குப் போகும். நம் பாலிசி நடப்பில் இருக்கும்போது என்றால் 5 லட்சமும் போனஸ் 2 லட்சமும் சேர்ந்த 7 லட்சத்தில் கடன் பாக்கி போக மீதி.

வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கினாலும் இப்போதைய சட்டப்படி நாமினேஷன் ரத்தாகாது, வங்கியின் கடன் பாக்கி அளவுக்கு மட்டும் நாமினியின் உரிமை குறையும். கடனை அடைத்ததும் வங்கி பாலிசியைத் திருப்பி எழுதிக் கொடுத்ததா, நாமினி பெயர் தாளில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் புதிதாகப் பதிந்துவிடுங்கள்.

எனக்குச் சம்பளத்துல பிடிக்கிறாங்க. மாசா மாசம் பிடிச்சும் எப்படி பாக்கி வந்துச்சு?

ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் பலர் கொண்டுவரும் சிக்கல் இது. சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் உங்கள் அலுவலகம் பணத்தைப் பிடித்து, பாலிசி எண்களின் பட்டியலோடு அனுப்புகிறது. நீங்கள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாற்றலாகும்போது பழைய அலுவலகம் பிடிப்பதை நிறுத்திவிடும், புதியது தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். பட்டியலில் பாலிசி எண் ஒரு இலக்கம் மாறினாலும் பணம் வந்தும் உங்கள் கணக்கில் ஏறாது. இப்படி நடுவில் விடுபட்ட மாதங்களைக் கேப் என்கிறார்கள்.

கேப் இருப்பது அன்றாடம் உறுத்தாது. முதிர்வின்போதோ சரண்டரின்போதோ விடுபட்ட மாதங்களை வட்டியோடு கழிப்பார்கள். ஆகவே கிளையில் கேப் விவரம் கேட்டு வாங்குங்கள். அந்த மாதங்களின் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால், அலுவலகத்திலிருந்து அந்த மாதப் பட்டியலின் நகலோடு கொடுத்துச் சரிசெய்யலாம். பிடித்தமே இல்லையென்றால் பணத்தைக் கட்டிவிடுங்கள். ஓய்வு பெற்ற பிறகு இருபது வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடுவது மிகவும் சிரமம்.

சரண்டர் பணத்துக்கு வரி உண்டா?

2012 ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கிய பாலிசியில் எந்த வருடமும் பிரீமியம் காப்புத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பொதுவாக வரி இல்லை. நம் எடுத்துக்காட்டில் 5 சதவீதம்தான். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கியவற்றில் வருட பிரீமியம் மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டினால் விதி வேறு. இரண்டு வருடப் பிரீமியம் கட்டும் முன் பாலிசியை முடித்தால், அதற்காக 80சி-யில் பெற்ற கழிவு திரும்ப வருமானத்தில் சேரும்.

தாள்ல தப்புன்னு எழுதிக் கொடுத்து மாசம் ஆச்சு, பதிலே இல்ல. அடுத்து எங்கே போறது?

முதலில், வாய்மொழியாகச் சொன்னீர்களா எழுதிக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்த நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்துதான் நாட்கள் எண்ணப்படும். எதைத் தவறு என்கிறீர்கள் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். "போனஸ் குறைவு" என்று எழுதுவதைவிட, "2021 ஜூன் தவணை இந்த ரசீதின்படி கட்டப்பட்டது, தாளில் FUP 06/2021 என்றே உள்ளது" என்று எழுதினால் வேலை நடக்கும்.

பதில் இல்லையென்றால், காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதியலாம். நிறுவனம் மறுத்தாலோ, 30 நாளில் பதில் தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகரம், காரைக்காலுக்கும் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ரசீதுகள், ஸ்டேட்டஸ் தாள், முத்திரை வாங்கிய கடிதத்தின் நகல் ஆகியவற்றை மனுவோடு வையுங்கள். விசாரணை நடப்பதால் தவணையை நிறுத்திவிடாதீர்கள், FUP தன் போக்கில் பழையதாகிக்கொண்டே போகும்.